நாலு பண்டிகை, ஒரே நோட்டீஸ்

2023 ஏப்ரல் மாதக் காலண்டர் பண்டிகை வியாபாரிகளுக்கு அமைந்த அபூர்வமான காலண்டர். 2ஆம் தேதி குருத்தோலை ஞாயிறு, 7 பெரிய வெள்ளி, 9 ஈஸ்டர், 14 சித்திரைப் புத்தாண்டு. மார்ச் 24 அன்று தொடங்கிய ரமலான் நோன்பு இவற்றுக்கு ஊடாக ஓடிக்கொண்டிருந்தது. 22 சனிக்கிழமை நோன்புப் பெருநாளும் அட்சய திருதியையும் ஒன்றாக வந்தன.

அப்படியொரு மாதத்துக்கு, துணியும் நகையும் விற்கும் ஒரு கடை நோட்டீஸ் அடிப்பதாக வைத்துக்கொள்வோம். தலைப்பு, ‘முப்பெரும் கொண்டாட்டம்! பெரிய வெள்ளி, சித்திரைத் திருநாள், ரம்ஜான் சிறப்புத் தள்ளுபடி’. படத்தில் மூன்று பேர் தோளோடு தோள் நிற்கிறார்கள். பட்டு வேட்டியும் நெற்றியில் திருநீற்றுப் பட்டையுமாக ஒருவர், தாடியும் தொப்பியும் பட்டுச் சட்டையும் கையில் தங்கக் காப்புமாக ஒரு ‘பாய்’, கவுன் போட்டுக் கழுத்தில் சிலுவை தொங்கவிட்ட ஒரு பெண். கீழே பச்சைப் பின்னணியில் பிறையும் நட்சத்திரமும், பக்கத்தில் ஆவி பறக்கும் பிரியாணித் தட்டு. மூலையில் அலங்காரமாக அரபி எழுத்து.

எழுதியவருக்கோ வடிவமைத்தவருக்கோ யாரையும் புண்படுத்தும் எண்ணம் துளியும் இல்லை. பண்டிகை விளம்பரத்தில் வருகிற சங்கடங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் பிறக்கின்றன. வெறுப்பைவிட, அடுத்த தெருவில் என்ன நடக்கிறது என்று தெரியாததுதான் காரணம். அந்த நோட்டீஸை மேலிருந்து கீழாகத் திருத்திக்கொண்டே போவோம்.

தேதியை மட்டும் பார்க்காதீர்கள், அந்த நாளின் மனநிலையையும் பாருங்கள்

முதல் தவறு தலைப்பிலேயே இருக்கிறது. பெரிய வெள்ளி கொண்டாட்டம் இல்லை. இயேசு சிலுவையில் அறையுண்ட நாள். நாற்பது நாள் தவக்காலத்தின் உச்சமான துக்க நாள். உபவாசம், சிலுவைப்பாதை, மூன்று மணி நேர ஆராதனை என்று போகும். கத்தோலிக்க ஆலயங்களில் வியாழன் இரவுப் பலிபூசையில் நிற்கும் மணி ஈஸ்டர் திருவிழிப்பில்தான் திரும்ப ஒலிக்கும். மணியையே கட்டிவைக்கிற நாளில் ‘கொண்டாடுங்கள், 30 சதவீதம் தள்ளுபடி’ என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டால் எப்படி இருக்கும்? அரசு விடுமுறைப் பட்டியலில் இருப்பதெல்லாம் பண்டிகை என்று எடுத்துக்கொள்வதால் வரும் பிழை இது. மொஹரத்துக்கு ‘இனிய நல்வாழ்த்துகள்’ போடுவதும் இதே ரகம். ஆஷூரா நாள் ஷியா முஸ்லிம்களுக்கு இமாம் ஹுசைன் கர்பலாவில் கொல்லப்பட்ட துக்கம். சன்னி முஸ்லிம்களில் பலர் நோன்பு வைக்கும் நாள். இரண்டு வகையிலும் புடவைத் தள்ளுபடிக்கு அங்கே இடமில்லை.

செய்ய வேண்டியது எளிது. கிறிஸ்தவ வாடிக்கையாளர்களுக்கான விளம்பரத்தை ஈஸ்டரோடு வையுங்கள். ஈஸ்டர் துணி எடுக்க வருகிறவர்களுக்குத் தவக்காலத்தின் கடைசி வாரங்களிலேயே விளம்பரம் தேவைதான். அதில் ‘ஈஸ்டருக்குப் புதுவரவு’ என்று அடக்கமாகச் சொன்னால் போதும். பெரிய வெள்ளியன்று புது விளம்பரம் எதுவும் விடவேண்டாம். அன்று கடை திறந்திருப்பதில் ஒருவருக்கும் வருத்தமில்லை, மைக் கட்டிக் கூவுவதில்தான் வருத்தம்.

ரமலானுக்கு வேறொரு சிக்கல். ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பத்துப் பதினொரு நாள் குறைவு என்பதால் ஆண்டுதோறும் நோன்பு முன்னால் நகர்ந்துகொண்டே வரும். 2030இல் ஜனவரியில் ஒரு ரமலானும் டிசம்பரில் இன்னொன்றும் தொடங்கும் என்பது கணக்கு. அது மட்டுமல்ல, பெருநாள் எது என்பது முந்தைய மாலை பிறை பார்த்துத் தலைமை காஜி அறிவித்தால்தான் உறுதி. பத்திரிகை விளம்பரத்தையோ அதற்கு முன்பே கொடுத்தாக வேண்டும். அன்று பிறை தெரியாமல் போனால் ‘ஈத் முபாரக்’ என்று கால் பக்க விளம்பரம் முப்பதாவது நோன்பு அன்று வெளிவந்து நிற்கும். யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், ஆனால் கடைக்காரருக்கு நம் வழக்கம் தெரியாது என்பது ஊருக்கே தெரிந்துவிடும். இரண்டு வடிவம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நோன்புக்கால வாழ்த்து, மற்றது பெருநாள் வாழ்த்து. பத்திரிகைக்காரரிடம் இரண்டையும் கொடுத்து, பிறை அறிவிப்பைப் பார்த்து மாற்றிப் போடச் சொல்லிவையுங்கள். அது முடியாவிட்டால், ‘நோன்புப் பெருநாள் வருகிறது’ என்ற தொனியில் தேதி சொல்லாத வாசகம் பாதுகாப்பானது.

நேரமும் முக்கியம். நோன்பு மாதத்தில் மதியம் இரண்டு மணிக்கு ‘வாங்க, இனிப்பு சாப்பிட்டு ஆஃபரைத் தெரிஞ்சுக்குங்க’ என்று அழைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் குலுக்கல் வைக்காதீர்கள். நோன்பு திறந்து, தராவீஹ் தொழுகை முடித்துக் குடும்பத்தோடு துணியெடுக்கக் கிளம்பும்போது இரவு பத்தைத் தாண்டிவிடும். பெருநாள் நெருங்க நெருங்கக் கூட்டம் நள்ளிரவு வரை போகும். அனுமதி வாங்கி, ‘கடை இரவு 12 மணி வரை திறந்திருக்கும்’ என்று ஒரு வரி போடுங்கள். பிறை, விளக்கு, மசூதிக் கோபுரம் எல்லாம் சேர்ந்து சொல்லாத மரியாதையை அந்த ஒரு வரி சொல்லிவிடும்.

மத அடையாளத்தை வேஷம் ஆக்காதீர்கள்

படத்துக்கு வருவோம். பட்டை, தொப்பி, சிலுவை என்று மூன்று பேரை வரிசையாக நிறுத்துவது நம் ஊரில் ஒற்றுமைக்கான முத்திரைப் படம். பள்ளி ஆண்டு விழா மேடைக்கு அது சரி. விளம்பரத்தில் அது யாருடைய வீட்டையும் காட்டுவதில்லை. மூன்று பேருக்கும் உடுப்பு இருக்கிறது, வாழ்க்கை இல்லை.

அதிலும் அந்த ‘பாய்’ படத்தில் ஒரு தனிப்பிழை இருக்கிறது. துணிக்கடையும் நகைக்கடையும் அடிக்கடி செய்வது. இஸ்லாமிய மார்க்கச் சட்டப்படி அசல் பட்டும் தங்கமும் ஆண்களுக்கு விலக்கப்பட்டவை, பெண்களுக்குத் தடையில்லை. பெருநாளுக்குத் தொழப்போகும் ஆணாக ஒருவரைக் காட்டி, பட்டுச் சட்டையும் தங்கக் காப்பும் மாட்டிவிட்டால், மூன்றாவது வீட்டு அத்தா பார்த்ததும் சிரித்துவிடுவார். மோதிரமும் செயினும் போட்ட முஸ்லிம் ஆண்கள் ஊரில் இல்லாமல் இல்லை. ஆனால் பெருநாள் வாழ்த்துப் படத்தில் அது வேண்டாம். வெள்ளைக் கதர், லினன், பருத்திச் சட்டை, கைலி, வேட்டி போதும். வேட்டிதான். தமிழ்நாட்டு முஸ்லிம் ஆண் என்றாலே வடக்கத்திக் குர்தாவும் ஷெர்வானியும் போடுவதும், வாயைத் திறந்தால் ‘நம்பள்கி, நிம்பள்கி’ என்று பேசவைப்பதும் பழைய சினிமா மிச்சம்தான். ராவுத்தரும் மரைக்காயரும் லெப்பையும் வீட்டில் பேசுவது தமிழ். அத்தா, வாப்பா, உம்மா, லாத்தா என்று ஊருக்கு ஊர் சொல் மாறும், மொழி மாறாது. வானொலி விளம்பரத்துக்குக் குரல் எடுக்கும்போது இதை மறக்கவேண்டாம்.

கிறிஸ்தவப் பெண் என்றால் கவுன், ‘என்ன மேன்’ என்றால் ஆங்கிலோ இந்தியர், கையில் ஒயின். இதுவும் அதே சினிமாச் சரக்கு. பாளையங்கோட்டையிலோ நாகர்கோவிலிலோ ஞாயிறு காலை ஆலயத்திலிருந்து வெளியே வருகிறவர்களைப் பார்த்துப் படமெடுங்கள். புடவையும் தலையில் பூவும்கூடக் கண்ணில் படும். கிறிஸ்தவர் எல்லாருக்கும் ஒரே படம் பொருந்தாது என்பதும் அங்கேதான் தெரியும். மாதா படம் கத்தோலிக்கருக்கு நெருக்கமானது, சி.எஸ்.ஐ. சபையாருக்கு அல்ல. பெந்தெகொஸ்தே சபையினரில் பலர் நகையே அணிவதில்லை, அவர்களில் கிறிஸ்துமஸ் கொண்டாடாதவர்களும் உண்டு. ஆகவே ‘கிறிஸ்தவச் சொந்தங்களே, இந்த ஈஸ்டருக்குத் தங்கம் வாங்குங்கள்’ என்று மொத்தமாகக் கூப்பிடாதீர்கள். ‘ஈஸ்டர் நல்வாழ்த்துகள்’ என்று சொல்லிவிட்டு நகையைக் காட்டுங்கள். வேண்டியவர் எடுத்துக்கொள்வார்.

இந்துக் குடும்பமும் இதிலிருந்து தப்புவதில்லை. தீபாவளி என்றால் வெளுத்த நிறத்தில் ஒரே சாயலான குடும்பம், வடநாட்டு ரங்கோலி, தட்டில் லட்டு. தமிழ்நாட்டில் ஏராளமான வீடுகளில் தீபாவளிக் காலை எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் இட்லியோடு கறிக்குழம்பு. அது எந்த விளம்பரத்திலும் வந்ததாக நினைவில்லை. வாங்குகிற கூட்டத்தில் முக்கால்வாசிப் பேரின் நிறமும் சமையலும் படத்தில் இல்லையென்றால், அதுவும் ஒரு முன்முடிவுதான். பண்டிகைக் குடும்பம் என்றாலே மாமி மடிசாரில் வருவதை இனியாவது ஒரு வருஷம் நிறுத்திப் பார்க்கலாம்.

அப்படியானால் எதைக் காட்டுவது? பொருளை வைத்து ஆளைக் காட்டுங்கள். நகைக்கடைக்கு இது கைவந்த கலையாக இருக்கவேண்டும். தாலி இந்துக்களுக்கு மட்டும் உரியதல்ல. சிலுவையோ புறாவோ பொறித்த தாலி தமிழ்க் கிறிஸ்தவர் கழுத்தில் உண்டு. தமிழ் முஸ்லிம் பெண்களில் பலருக்குக் கல்யாண அடையாளம் கருகமணி. மூன்றையும் வெல்வெட்டில் வைத்து நெருக்கத்தில் படமெடுத்து, கீழே எடையும் செய்கூலியும் போட்டால், தொப்பி சிலுவை எதுவுமில்லாமலே இந்தக் கடைக்கு நம் வழக்கம் தெரியும் என்ற செய்தி போய்விடும்.

பிரியாணியைக் கீழே இறக்குங்கள்

இதை நீட்டவேண்டியதில்லை. ரமலான் பட்டினியும் தொழுகையுமான மாதம். அதைச் சாப்பாட்டுத் திருவிழாவாகவும், முஸ்லிம் நண்பன் என்றாலே ‘பிரியாணி எங்கே’ என்றும் சுருக்குவது இளக்காரம். எல்லாரும் கேட்டுப் பழகிய சிரிப்பு என்பதால் அது மாறிவிடாது. உணவைக் காட்டியே தீரவேண்டுமானால் நோன்பு திறக்கும் பேரீச்சம்பழமும் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியும் இருக்கின்றன. மாலையில் வேற்று மதத்தாரும் தூக்குவாளியோடு வரிசையில் நின்று வாங்கிப்போகும் கஞ்சி அது. நிஜமாக நடக்கிற ஒற்றுமைக் காட்சி, யாருக்கும் வேஷம் போடவேண்டியதில்லை.

பிறை, பச்சை, அரபி: மூன்றையும் கொஞ்சம் தள்ளிவையுங்கள்

பச்சைப் பின்னணியில் வெள்ளைப் பிறையும் நட்சத்திரமும் போட்டால் அது இந்திய யூனியன் முஸ்லிம் லீக் கட்சியின் கொடி. கொஞ்சம் மாற்றி வரைந்தால் பாகிஸ்தான் கொடியின் சாயல். வாழ்த்துச் சொல்லப்போய் கட்சி நோட்டீஸ் ஆகிவிடும், அல்லது வம்பை விலைக்கு வாங்கும். பெருநாள் பிறை வேண்டுமென்றால் நிஜப் பிறையைப் போடுங்கள். சூரியன் மறைந்ததும் மேற்கு வானில், அடிவானத்துக்குச் சற்றே மேலே, மெல்லிய கீற்றாகத் தெரிவது. நம் பக்கத்து அட்சரேகையில் அது படகு போலக் கிடப்பது வழக்கம். நீலமும் ஆரஞ்சும் கலந்த அந்தி வானம், ஒரு கீற்று, கீழே ஊர்க் கூரைகள். பச்சையே தேவையில்லை.

அரபி எழுத்தில் இருக்கிற அபாயம் வேறு. ஃபிளெக்ஸ் கடைகளில் கோரல் டிராவிலோ போட்டோஷாப்பிலோ ஓர் அரபி வாக்கியத்தை எடுத்து ஒட்டும்போது, அதற்குரிய அமைப்பு இல்லையென்றால், சேர்ந்து நிற்கவேண்டிய எழுத்துகள் தனித்தனியாகச் சிதறும், வலமிருந்து இடம் போகவேண்டியது இடமிருந்து வலமாகத் திரும்பும். வடிவமைப்பவர் கண்ணுக்கு அது அழகான பூவேலை. ஓதத் தெரிந்தவர் கண்ணுக்கு அலங்கோலம். அது குர்ஆன் வசனமாக இருந்துவிட்டால் அலங்கோலத்தோடு நிற்காது. எப்படிக் கண்டுபிடிப்பது? மூல வாசகத்தையும் அச்சுக்குப் போகும் பிரதியையும் பக்கத்தில் வைத்து, ஓதத் தெரிந்த ஒருவரிடம் விரல் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். அதற்கு நேரமில்லையென்றால் தமிழில் ‘நோன்புப் பெருநாள் நல்வாழ்த்துகள்’ என்று எழுதுங்கள். வசனம் வேண்டவே வேண்டாம், சரியாக இருந்தாலும் வேண்டாம். காரணம் அடுத்தது.

அச்சடித்த காகிதம் எங்கே போய்ச் சேரும் என்று யோசியுங்கள்

செய்தித்தாளோடு வரும் நோட்டீஸ் அன்று மாலையே வடை எண்ணெய் ஒற்றும் காகிதம். துணிப்பையில் அச்சடித்த படம் சில மாதத்தில் தரை துடைக்கும் துணி. கடவுளையோ வேத வசனத்தையோ இவற்றில் போட்டால் அவமரியாதை பின்னால் தானாக வந்து சேரும். லட்சுமி வெடியை நினைத்துப் பாருங்கள். லட்சுமி படம் ஒட்டிய வெடியை வெடித்துவிட்டு, கிழிந்த முகத்தைத் தெருவில் மிதித்துக்கொண்டு எத்தனை தீபாவளி போயிருக்கிறோம்! உறுத்துகிறது என்று சொன்னவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள். பிள்ளையார் படத்தை ஐஸ்கிரீம் கப்பிலும், காபாவைக் கேரிபேக்கிலும், இயேசுவை டிஷ்யூ பேப்பரிலும் அச்சிடாதீர்கள். கோலம், குத்துவிளக்கு, நட்சத்திரம், குருத்தோலை, பூ வேலைப்பாடு என்று கசங்கினாலும் யார் மனமும் கசங்காத உருவங்கள் வேண்டிய அளவு இருக்கின்றன. நபிகள் நாயகத்தின் உருவம் எதிலும், எந்த நல்லெண்ணத்திலும் கூடாது. இதற்கு விதிவிலக்கு இல்லை.

மதங்களைக் கலக்கும் கதை சொல்கிறீர்களா?

இங்கே கொஞ்சம் நின்று பேசவேண்டும். 2020 அக்டோபரில் தனிஷ்க் வெளியிட்ட ‘ஏகத்வம்’ விளம்பரத்தில், ஒரு முஸ்லிம் மாமியார் தன் இந்து மருமகளுக்குத் தென்னிந்திய முறையில் வளைகாப்பு நடத்துகிறார். கடும் எதிர்ப்பு கிளம்ப, மனங்கள் புண்பட்டதையும் ஊழியர்கள், கடை ஆட்களின் நலனையும் காரணம் காட்டி நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது. ஏ.எஸ்.சி.ஐ. எனும் விளம்பரத் தரக் கவுன்சிலோ புகாரை விசாரித்து, ஆட்சேபத்துக்குரியது எதுவும் இல்லை என்று ஏகமனதாகச் சொன்னது. அடுத்த ஆண்டு அக்டோபரில் ஃபேப் இந்தியா ‘ஜஷ்னே ரிவாஜ்’ என்று உருதுப் பெயரில் ஒரு துணித் தொகுப்பை அறிவித்து, தீபாவளிக்கு உருதுப் பெயரா என்ற கூச்சலில் பின்வாங்கியது. அது தங்கள் தீபாவளித் தொகுப்பே இல்லை என்றும் அந்நிறுவனம் விளக்கியது.

இரண்டிலும் எந்த மதத்தையும் இழிவு செய்யும் வாசகம் இல்லை. ஆகவே ‘எதிர்ப்பு வந்தது, எனவே தவறு’ என்று கணக்குப் போடக்கூடாது. வழக்கம் தெரியாமல் புண்படுத்துவது ஒன்று, அண்டைவீட்டார் சேர்ந்திருப்பதையே பொறுக்காதவர்கள் கத்துவது வேறு. முதலாவதைத் திருத்தவேண்டும். இரண்டாவதற்குத் தயாராக இருக்கவேண்டும், அவ்வளவுதான். தயாராவது என்றால் விளம்பரம் வெளிவரும் முன்பே கடைக் கவுண்டரில் நிற்பவர்களிடம் அதைப் போட்டுக் காட்டி, யாராவது வந்து கேட்டால் என்ன பதில், யாருக்குப் போன் என்று சொல்லிவைப்பது. கல்லெறி விழுந்தால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்பது அவர்கள்தான், விளம்பரம் எழுதியவர் அல்ல.

அதே சமயம், ஒற்றுமையைக் காட்ட ஒரு மதத்தாரை இன்னொரு மதத்தின் வழிபாட்டில் உட்காரவைக்காதீர்கள். முஸ்லிம் பெண் விளக்கேற்றுவதும், இந்து நண்பர் தொழுகை வரிசையில் நிற்பதும் எடுக்கச் சுலபமான படங்கள். இருபக்கத்திலும் பலருக்கு அவை நெருடும். பொங்கலன்று தேவாலய வளாகத்தில் பானை வைப்பது நடக்கிற வழக்கம், அதைக் காட்டலாம். நாகூர் கந்தூரிக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கும் எல்லா மதத்தாரும் போவது நடக்கிற வழக்கம், அதையும் காட்டலாம். இல்லாததை விளம்பரத்துக்காகச் செய்யவைப்பதில்தான் கோளாறு. அடுத்த வீட்டுக்குப் பலகாரத் தட்டு போவது, திரும்பி வருவது, பெருநாளுக்குத் துணியெடுக்கத் தோழியையும் கூட்டிக்கொண்டு வருவது. இவற்றில் யாரும் தன் நம்பிக்கையைவிட்டு ஓர் அங்குலம் நகரவேண்டியதில்லை.

அச்சுக்குப் போகும் முன் யாரிடம் காட்டுவது

கடையிலேயே அந்தந்தச் சமூகத்து ஆட்கள் வேலை செய்வார்கள். கேளுங்கள், ஆனால் ஒருவரிடம் மட்டும் கேட்டுவிட்டு ‘நம்ம பஷீரே ஓகே சொல்லிட்டாரு’ என்று பின்னால் கேடயமாகப் பிடிக்காதீர்கள். முதலாளி கேட்டால் யார்தான் நன்றாக இல்லை என்பார்? வயதில் ஒரு பெரியவர், ஒரு இளம்பெண், முடிந்தால் கடைக்குச் சம்பந்தமில்லாத ஒரு வாடிக்கையாளர் என்று காட்டுங்கள். ‘நல்லா இருக்கா’ என்று கேட்காமல் ‘உங்க வீட்டில் இதைப் பார்த்தா எதைச் சொல்லிச் சிரிப்பாங்க’ என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குத்தான் பட்டுச் சட்டையும் உடைந்த அரபியும் வெளியே வரும்.

புகார் வந்தால்

வந்தவர் என்ன சொல்கிறார் என்பதை முதலில் பிரியுங்கள். ‘பெரிய வெள்ளிக்கு இப்படிப் போட்டிருக்கீங்களே’ என்று பழைய வாடிக்கையாளர் போன் செய்தால் அது தகவல். உடனே ஸ்டேட்டஸை எடுங்கள், சரியானதைப் போடுங்கள். ‘பெரிய வெள்ளி துக்க நாள் என்பதைக் கவனிக்காமல் கொண்டாட்டம் என்று எழுதிவிட்டோம், எடுத்துவிட்டோம், வருந்துகிறோம்’ என்று பிழையின் பெயரைச் சொல்லுங்கள். ‘யார் மனமாவது புண்பட்டிருந்தால்’ என்று தொடங்காதீர்கள். அந்த ‘இருந்தால்’ மன்னிப்பை மொத்தமாக விழுங்கிவிடும். வடிவமைத்த பையனின் பெயரை வெளியே விடாதீர்கள். மிரட்டலாக வந்தால் பேச்சு வளர்க்காமல் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். மத உணர்வைப் புண்படுத்தும் குற்றம், முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 295ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 299, வேண்டுமென்றே தீய நோக்கோடு செய்ததைத்தான் பேசுகிறது. விளம்பர வரைவுகளையும், யாரிடம் காட்டிக் கருத்துக் கேட்டீர்கள் என்பதையும் கோப்பில் வைத்திருந்தால் நோக்கம் அதில் தெரியும்.

டிசம்பரில் இன்னொரு வேலை இருக்கிறது. சிவகாசியிலிருந்து வரும் தினசரிக் காலண்டரில் முருகன் படம், மெக்கா படம், வேளாங்கண்ணி மாதா படம் என்று தனித்தனியாக அடித்துக் கொடுப்பது கடைகளின் பழைய வழக்கம், நல்ல வழக்கம். பில்லில் இருக்கும் பெயரைப் பார்த்து எதைக் கொடுப்பது என்று கவுண்டரில் ஊகிக்கவேண்டாம். ஜோசப் சி.எஸ்.ஐ.யாக இருக்கலாம், செல்வி பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவராக இருக்கலாம், படமே வேண்டாம் என்கிறவரும் வரலாம். மூன்றையும், கூடவே பூ படம் போட்ட ஒன்றையும் மேஜையில் அடுக்கி, ‘எது வேணுமோ எடுத்துக்குங்கம்மா’ என்று சொல்லச் சொல்லுங்கள்.